கடன் தொடங்கும் நாளில் கைமாறும் 14,921 யூரோ

2022 ஜூன் 9-ஆம் தேதி ஐரோப்பிய மத்திய வங்கி, ஜூலை மாதத்தில் வட்டியை உயர்த்தப்போவதாக அறிவித்தது. பதினோரு ஆண்டுகளாக அந்த வங்கி வட்டியை உயர்த்தியதே இல்லை. யூரோவில் மூன்று மாதக் கடனுக்கு அடிப்படையாக இருக்கும் யூரிபார் வட்டி அப்போதும் பூஜ்யத்துக்குக் கீழேதான் இருந்தது. அதன் பிறகு நடந்தது வேகமானது. ஜூலையில் அரை சதவீதம், செப்டம்பரில் முக்கால், அக்டோபரில் முக்கால், டிசம்பரில் அரை. ஆறே மாதத்தில் மத்திய வங்கியின் டெபாசிட் வட்டி மைனஸ் 0.50-லிருந்து 2 சதவீதத்துக்கு ஏறிவிட்டது.

அந்த ஜூன் மாதத்தில், டிசம்பரில் கடன் வாங்க வேண்டியிருந்த ஒரு நிறுவனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் நெசவு இயந்திரம் செய்யும் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். பெரிய ஆர்டர் ஒன்று கையில் இருக்கிறது. இரும்பும் மின்சாதனங்களும் வாங்க டிசம்பர் 21-ஆம் தேதி ஒரு கோடி யூரோ தேவை. இயந்திரங்களை அனுப்பிப் பணம் வந்ததும், மூன்று மாதம் கழித்து மார்ச் 21-இல் திருப்பிக் கட்டிவிடலாம். கடன் தர வங்கி தயார். வட்டி எவ்வளவு என்றால், எடுக்கும் நாளில் மூன்று மாத யூரிபார் எவ்வளவோ அதோடு 1.20 சதவீதம். அந்த 1.20 நிலையானது. யூரிபார்தான் டிசம்பரில் எங்கே நிற்கும் என்று ஜூனில் யாருக்கும் தெரியாது.

இதற்கு வங்கிகள் விற்கும் மருந்து ஒன்று உண்டு. ஃபார்வர்டு ரேட் அக்ரிமென்ட், சுருக்கமாக எஃப்ஆர்ஏ. எதிர்காலத்தில் தொடங்கப்போகும் ஒரு கடனின் வட்டியை இன்றே பேசி முடித்துக்கொள்ளும் ஒப்பந்தம் இது. ஆனால் இந்த ஒப்பந்தத்தில் கடன் கிடையாது. ஒரு கோடி யூரோ என்ற தொகை கணக்குப் போடுவதற்காக மட்டும் காகிதத்தில் எழுதப்படும். அந்தப் பணம் கைமாறுவதே இல்லை. கடனை நிறுவனம் தன் வழக்கமான வங்கியிடம், அன்றைய வட்டிக்கே வாங்கும். பேசிய வட்டிக்கும் அன்றைய வட்டிக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் எஃப்ஆர்ஏ வழியாகத் தீர்க்கப்படும். தீர்வுத் தொகை என்பது அதுதான்.

கேட்க எளிதாக இருக்கிறது. வித்தியாசத்தை ஒரு கோடியால் பெருக்கி, மூன்று மாதத்துக்குக் கணக்குப் போட்டால் போதுமே என்று தோன்றும். அப்படிப் போட்டால் வரும் தொகை தவறு. எங்கே தவறு, ஏன் தவறு என்பதில்தான் இந்த ஒப்பந்தத்தின் முழு நுட்பமும் இருக்கிறது.

நம் நிறுவனம் ஜூன் 17, வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் செய்கிறது என்று கொள்வோம். யூரோ சந்தையில் பேசியது இரண்டு வேலை நாள் கழித்து நடப்புக்கு வரும். ஆகவே கணக்கு ஜூன் 21-இல் தொடங்குகிறது. அங்கிருந்து ஆறு மாதம் தள்ளினால் டிசம்பர் 21. ஒன்பது மாதம் தள்ளினால் மார்ச் 21. சந்தையில் இதை ஆறுக்கு ஒன்பது என்பார்கள், 6x9 என்று எழுதுவார்கள். முதல் எண் கடன் எப்போது தொடங்குகிறது என்பதையும் இரண்டாவது எண் எப்போது முடிகிறது என்பதையும் சொல்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள மூன்று மாதம்தான் வட்டிக் காலம். புதிதாகப் பார்ப்பவர்கள் ஒன்பது மாதக் கடன் என்றோ ஆறு மாதக் கடன் என்றோ நினைத்துத் தொகையை இரட்டிப்பாகவும் மும்மடங்காகவும் போட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

வங்கி 1.50 சதவீதம் என்று விலை சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றைய யூரிபார் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கையில் 1.50 கேட்பது அநியாயமாகத் தெரியலாம். இது வங்கியின் ஆசையோ ஆரூடமோ அல்ல. ஆறு மாதத்துக்குப் பணம் கடன் வாங்க இன்று ஒரு வட்டி உண்டு, ஒன்பது மாதத்துக்கு வேறொரு வட்டி உண்டு. ஒன்பது மாத வட்டி கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதல் முழுவதும் கடைசி மூன்று மாதத்தின் தலையில் விழுகிறது. அதைப் பிரித்தெடுத்தால் வருவதுதான் எஃப்ஆர்ஏ விலை. ஏறப்போகிறது என்று சந்தை முழுவதும் எதிர்பார்த்திருந்த ஜூன் மாதத்தில் அந்த எதிர்பார்ப்பு ஏற்கெனவே விலைக்குள் வந்துவிட்டது. வட்டி ஏறும் என்று தெரிந்தவுடன் ஓடிப்போய் எஃப்ஆர்ஏ வாங்கினால் லாபம் என்பது இதனால்தான் நடக்காது. சந்தை எதிர்பார்த்ததைவிடவும் அதிகமாக ஏறினால்தான் வாங்கியவர் கைக்குப் பணம் வரும்.

இதன் பிறகு டிசம்பர் வரை எதுவும் நடக்காது. நிறுவனம் முன்பணம் கட்டுவதில்லை, கட்டணமும் தனியாக இல்லை. வங்கியின் வரும்படி அந்த 1.50-க்குள்ளேயே நூற்றில் ஓரிரு பங்கு சதவீதமாக அடங்கியிருக்கும்.

டிசம்பர் 19, திங்கட்கிழமை. கடன் தொடங்க இரண்டு வேலை நாள் இருக்கிறது. காலை பதினொரு மணி சுமாருக்கு பிரஸ்ஸெல்ஸிலிருந்து அன்றைய யூரிபார் வெளியாகிறது. சில பெரிய வங்கிகள், தமக்கு எந்த வட்டிக்குப் பணம் கிடைக்கும் என்று தரும் எண்களை வரிசைப்படுத்தி, மேலே 15 சதவீதத்தையும் கீழே 15 சதவீதத்தையும் வெட்டிவிட்டு, நடுவில் இருப்பவற்றின் சராசரியை மூன்று தசம இடத்துக்கு வெளியிடுவார்கள். அந்த வாரத்தில் மூன்று மாத யூரிபார் 2 சதவீதத்தைச் சற்றுத் தாண்டி நின்றது. கணக்கு தெளிவாக இருக்க 2.10 என்று எடுத்துக்கொள்வோம். இனி இதை அளவுகோல் வட்டி என்றும், ஜூனில் பேசிய 1.50-ஐ ஒப்பந்த வட்டி என்றும் சொல்லலாம்.

வித்தியாசம் 0.60 சதவீதம். அளவுகோல் மேலே போயிருப்பதால் வங்கி நிறுவனத்துக்குத் தர வேண்டும். டிசம்பர் 21 முதல் மார்ச் 21 வரை 90 நாள். யூரோவில் ஆண்டுக்கு 360 நாள் என்று கணக்கு வைப்பது வழக்கம். ஆகவே ஒரு கோடியை 0.006-ஆல் பெருக்கி, 90-ஆல் பெருக்கி, 360-ஆல் வகுத்தால் 15,000 யூரோ. ஜூனில் பேசிய வட்டிக்கும் டிசம்பரில் கொடுக்கப்போகும் வட்டிக்கும் உள்ள இடைவெளி இதுதான்.

ஆனால் டிசம்பர் 21-இல் நிறுவனத்தின் கணக்கில் ஏறுவது 15,000 அல்ல. 14,921 யூரோ 66 சென்ட்.

காரணம் நாளில் இருக்கிறது. கடனுக்கான வட்டியை நிறுவனம் மார்ச் 21-இல், காலத்தின் முடிவில் கட்டும். 15,000 யூரோ கூடுதல் சுமை அன்றுதான் விழப்போகிறது. தீர்வுத் தொகையோ காலத்தின் தொடக்கத்திலேயே, டிசம்பர் 21-இல் கொடுக்கப்படுகிறது. நம் ஊரில் பத்தாயிரம் கடன் கேட்டவரிடம் வட்டியை முன்பே பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுப்பவர்கள் உண்டு. அப்படி வாங்கியவருக்கு, முன்னால் கட்டும் ஆயிரமும் பின்னால் கட்டும் ஆயிரமும் ஒன்றல்ல என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எஃப்ஆர்ஏ-யிலும் அதே நியாயம்தான். மூன்று மாதம் முன்னதாகக் கிடைக்கும் பணம், அந்த மூன்று மாதத்தில் ஈட்டக்கூடிய வட்டி அளவுக்குக் குறைவாக இருக்க வேண்டும்.

எவ்வளவு குறைவாக? இங்கேதான் அளவுகோல் வட்டி இரண்டாவது முறை வேலை செய்கிறது. 2.10 சதவீதத்துக்கு 90 நாள் வட்டி, யூரோ ஒன்றுக்கு 0.00525. டிசம்பரில் ஒரு யூரோ இருந்தால் மார்ச்சில் அது 1.00525 ஆகும். ஆகவே மார்ச் மாதத்து 15,000-ஐ 1.00525-ஆல் வகுத்தால் அதன் டிசம்பர் மதிப்பு கிடைக்கும். எக்செல் தாளில் முழுக் கணக்கையும் ஒரே வரியில் இப்படிப் போடலாம்:

```
=10000000*(0.021-0.015)*90/360/(1+0.021*90/360)
```

விடை 14921.66. இந்த வரியில் 0.021 இரண்டு இடத்தில் வருவதைக் கவனியுங்கள். மேலே வித்தியாசத்தை அளக்க ஒரு முறை, கீழே அந்த வித்தியாசத்தைத் தொடக்க நாளுக்குக் கொண்டுவர இன்னொரு முறை. ஒப்பந்த வட்டியான 0.015-க்கு ஒரே இடம்தான்.

கணக்கு சரியா என்று பார்க்க எளிய வழி, அந்த நிறுவனத்தோடு மார்ச் மாதம் வரை நடந்து பார்ப்பதுதான். 14,921.66 யூரோவை 2.10 சதவீதத்துக்கு 90 நாள் வைத்தால் 78.34 யூரோ வட்டி சேரும். மொத்தம் சரியாக 15,000. ஒரு கோடிக் கடனுக்கு யூரிபார் பங்கின் வட்டி 52,500. அதில் 15,000 கழிந்தால் 37,500. ஒரு கோடிக்கு மூன்று மாதத்தில் 37,500 என்றால் ஆண்டுக்கு 1.50 சதவீதம். ஜூனில் பேசியது அதுதான். வங்கிக்கு உரிய 1.20-ஐயும் சேர்த்தால் மொத்தச் செலவு 2.70 சதவீதம், இதை நிறுவனத்தின் கணக்கர் ஜூன் மாதமே பட்ஜெட்டில் எழுதியிருக்கலாம்.

உண்மையில் எந்த நிறுவனமும் அந்த 14,921 யூரோவைத் தனியாக டெபாசிட் போடாது. அந்த அளவுக்குக் கடனைக் குறைத்து எடுத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். அப்படிச் செய்தால் அந்தத் தொகைக்கு 3.30 சதவீத வட்டி மிச்சமாகிறது. மூன்று மாதத்தில் 123 யூரோ. கணக்கு எதிர்பார்க்கும் 78-ஐவிட இது கூடுதல். நடப்புக் கணக்கில் வட்டியில்லாமல் தூங்க விட்டால் அந்த 78 யூரோவும் போகும். அப்போது செலவு 1.50-க்குப் பதில் 1.503 ஆகும். பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் தீர்வுத் தொகை வந்த நாளிலேயே அதை வேலைக்கு அனுப்பினால்தான் பேசிய வட்டி முழுதாகக் கிடைக்கும் என்பது இதில் தெரிகிறது.

மார்ச் வரை காத்திருந்து 15,000-ஐயே கொடுத்துவிட்டால் இந்த வகுத்தலே வேண்டாமே என்று கேட்கலாம். எஃப்ஆர்ஏ பிறந்த லண்டன் சந்தையில் இதற்குத் தெளிவான காரணம் இருந்தது. பிரிட்டிஷ் வங்கியாளர் சங்கம் 1985-இல் இந்த ஒப்பந்தத்துக்கான பொது விதிகளை வகுத்தபோது, தொடக்க நாளில் வகுத்துக் கொடுப்பதையே வழக்கமாக்கியது. அளவுகோல் வட்டி தெரிந்த நொடியே யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு மூன்று மாதம் கடனைச் சுமந்துகொண்டு, எதிரே இருப்பவர் அதற்குள் திவாலாகாமல் இருக்க வேண்டுமே என்று காத்திருப்பது தேவையற்ற ஆபத்து. அன்றே தீர்த்தால் ஏட்டை மூடிவிடலாம். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது. 78 யூரோவை விட்டுக்கொடுத்து மூன்று மாத ஆபத்தை ஒழிக்கிறது. விட்டுக்கொடுத்தவருக்கும் உண்மையில் நஷ்டம் வைப்பதில்லை.

வட்டி எதிர்பார்த்த அளவுக்கு ஏறாமல், டிசம்பரில் 0.90-இல் நின்றிருந்தால்? இப்போது வித்தியாசம் அதே 0.60, ஆனால் திசை மாறுகிறது. நிறுவனம்தான் வங்கிக்குத் தர வேண்டும். மார்ச் மதிப்பு அதே 15,000. வகுக்கும் எண் மட்டும் 1.00225. ஆக நிறுவனம் கட்டுவது 14,966 யூரோ 33 சென்ட். கடனுக்கு யூரிபார் வட்டி 22,500 மட்டுமே. அதோடு இந்த 15,000-ஐச் சேர்த்தால் மறுபடியும் 37,500. வட்டி இறங்கியும் பலன் கிடைக்கவில்லையே என்று சில நிறுவனங்களில் நிதி மேலாளரைக் குறை சொல்வார்கள். அது நியாயமில்லை. அவர் வாங்கியது 1.50 என்ற உறுதியை, அது கிடைத்துவிட்டது.

இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 0.60 ஏறும்போது வருவது 14,921.66. 0.60 இறங்கும்போது போவது 14,966.33. வித்தியாசம் ஒன்றே, தொகை வேறு. இடைவெளி 44 யூரோ 67 சென்ட். வட்டி உயரமாக இருக்கும்போது வகுக்கும் எண் பெரிது, தாழ்வாக இருக்கும்போது சிறிது என்பதால் இப்படி வருகிறது. நம் நிறுவனத்துக்கு இது பொருட்டல்ல. மார்ச் மாதக் கணக்கில் இரண்டும் 15,000-ஆகவே முடிகின்றன. ஆயிரக்கணக்கான எஃப்ஆர்ஏ-க்களை விற்று, அந்த ஆபத்தை வட்டி ஃபியூச்சர்ஸ் சந்தையில் ஈடுகட்டும் வங்கிக்கு இது பொருட்டுதான். ஃபியூச்சர்ஸில் நூற்றில் ஒரு பங்கு சதவீதம் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே தொகைதான், அங்கே வகுத்தல் இல்லை. அந்தச் சிறு ஏற்றத்தாழ்வைத் தம் விலைக்குள் சேர்க்க வங்கிகளின் கணக்கு மேசைகளில் தனி வேலையே நடக்கிறது.

வங்கி அனுப்பும் தீர்வுச் சீட்டைச் சரிபார்க்கும்போது, தவறு எங்கே நேர்ந்தது என்பதை எண்ணே சொல்லிவிடும். சீட்டில் 15,000 என்று உருண்டையாக இருந்தால் வகுக்க மறந்திருக்கிறார்கள். 14,943.96 என்றிருந்தால், வகுக்கும்போது அளவுகோல் வட்டிக்குப் பதில் ஒப்பந்த வட்டியைப் போட்டிருக்கிறார்கள். 30,000-ஐ ஒட்டி ஏதாவது வந்தால் ஆறு மாதக் காலமாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த மூன்றையும்விட அதிகம் நடப்பது, கால் வருடம் என்று சொல்லிவிட்டு நான்கில் ஒரு பங்கு போடுவது. கால் வருடம் எப்போதும் 90 நாள் அல்ல. டிசம்பர் 21 முதல் மார்ச் 21 வரை 90. மார்ச் 21 முதல் ஜூன் 21 வரை 92. அதே ஒரு கோடி, அதே 0.60 வித்தியாசம், அதே 2.10 அளவுகோல், நாள் மட்டும் 92 என்றால் தீர்வுத் தொகை 15,251.48. சுமார் 330 யூரோ கூடிவிட்டது. பிரிட்டிஷ் பவுண்டிலும் நம் ரூபாயிலும் ஆண்டுக்கு 365 நாள். அங்கே 90 நாளுக்கு வித்தியாசத் தொகை 15,000-க்குப் பதில் 14,794.52-ஆகவே தொடங்கும். எந்த நாணயம், எத்தனை நாள் என்பதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னது எல்லாம் ஒழுங்காக நடந்தால் என்ன ஆகும் என்பது. கணக்கு முழுக்கச் சரியாக இருந்தும் நிறுவனம் அடிவாங்கும் இடங்கள் உண்டு. அங்கே பிழை தீர்வுத் தொகையில் இருக்காது. கடனுக்கும் எஃப்ஆர்ஏ-க்கும் இடையே இருக்கும்.

யூரோவில் இது நிஜமாகவே பல நிறுவனங்களைத் தாக்கியது. மூன்று மாத யூரிபார் 2015 ஏப்ரலில் பூஜ்யத்துக்குக் கீழே போய், 2022 ஜூலையில்தான் மேலே வந்தது. அந்த ஏழு ஆண்டுகளில் வங்கிகள் கடன் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தன: யூரிபார் பூஜ்யத்துக்குக் கீழே போனால் அதைப் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். எஃப்ஆர்ஏ-யில் அந்த வரி இல்லை. அங்கே மைனஸ் என்றால் மைனஸ்தான்.

ஒரு நிறுவனம் 0.10 சதவீதத்துக்கு எஃப்ஆர்ஏ வாங்கியிருக்கிறது, அளவுகோல் மைனஸ் 0.50-இல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.60, மார்ச் மதிப்பு 15,000, நிறுவனம் கட்ட வேண்டும். வகுக்கும் எண் இப்போது ஒன்றைவிடச் சிறியது: 0.99875. வகுத்தால் 15,018.77. பணத்தை முன்னதாகக் கட்டுபவர் அதிகமாகக் கட்டுகிறார். விசித்திரமாகத் தோன்றினாலும் கணக்கு நேர்மையானது. வட்டி மைனஸில் இருக்கும் உலகில் முன்னதாகக் கையில் வரும் பணம் தேய்கிறது, அதற்கு ஈடு தரப்படுகிறது. விசித்திரம் அதில் இல்லை, கடனில் இருக்கிறது. கடனின் யூரிபார் மைனஸ் 0.50 என்று இறங்கியிருந்தால் நிறுவனத்துக்கு 12,500 மிச்சமாகி, மொத்தச் செலவு பேசியபடி 0.10-இல் முடிந்திருக்கும். கடன் பத்திரத்தில் பூஜ்யத் தளம் இருப்பதால் அந்த மிச்சம் கிடைக்கவில்லை. 15,000 யூரோவும் கைப்பொறுப்பு. 0.10-க்குப் பூட்டியதாக நினைத்த வட்டி 0.60-இல் வந்து நிற்கிறது. இரண்டு காகிதங்களும் தனித்தனியே சரி, சேர்த்துப் படித்திருந்தால்தான் தெரிந்திருக்கும்.

தேதி தவறுவது இதைவிடச் சாதாரணமாக நடப்பது. நம் நெசவு இயந்திர நிறுவனத்துக்கு உதிரிபாகம் வந்து சேரத் தாமதம், கடன் எடுப்பது டிசம்பர் 21-இலிருந்து பிப்ரவரி தொடக்கத்துக்குத் தள்ளிப்போகிறது என்று கொள்வோம். எஃப்ஆர்ஏ காத்திருக்காது. டிசம்பர் 19-இன் அளவுகோலை வைத்து டிசம்பர் 21-இலேயே தீர்ந்துவிடும், 14,921.66 வந்து சேரும். 2023 பிப்ரவரி 2-இல் ஐரோப்பிய மத்திய வங்கி மறுபடி அரை சதவீதம் ஏற்றியது. கடன் எடுக்கும் நாளின் யூரிபாரை 2.50 என்று வைத்தால் வட்டி 62,500. கையில் இருக்கும் 15,000-ஐக் கழித்தால் 47,500. அதாவது 1.90 சதவீதம். ஒப்பந்தம் ஒரு குறிப்பிட்ட காலை நேரத்து எண்ணுக்கு எதிரான காப்பு மட்டுமே. நிறுவனத்தின் கடனுக்கு எதிரான காப்பு அல்ல. அந்த இரண்டும் ஒன்றாக இருப்பது, தொகை, தொடங்கும் நாள், முடியும் நாள், அளவுகோலின் காலம் ஆகிய நான்கும் பொருந்தும்போது மட்டும்தான். கடன் ஆறு மாத யூரிபாரைப் பார்த்து, எஃப்ஆர்ஏ மூன்று மாத யூரிபாரைப் பார்த்தாலும் இதே கதைதான்.

எல்லாம் ஒரே காலையின் ஒரே எண்ணைத் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு கோடி யூரோவுக்கு நூற்றில் ஒரு பங்கு சதவீதம் மாறினால் தீர்வில் சுமார் 250 யூரோ மாறும். அது யாருக்கும் பொருட்டல்ல. ஒரு வங்கியின் ஏட்டில் ஒரே நாளில் ஆயிரம் கோடி யூரோ எஃப்ஆர்ஏ தீர வேண்டியிருந்தால் அதே நகர்வு இரண்டரை லட்சம் யூரோ. அந்த எண்ணை உருவாக்கும் வங்கிகளே அந்த எண்ணை வைத்துப் பணம் பெறும் வங்கிகளாகவும் இருந்தன. விளைவு, 2012 ஜூனில் பார்க்லேஸ் வங்கி லண்டனின் லைபார், யூரிபார் இரண்டிலும் தன் வியாபாரிகளுக்குச் சாதகமான எண்களைக் கொடுத்ததாக அமெரிக்க, பிரிட்டிஷ் அமைப்புகளிடம் அபராதம் கட்டியது. 2013 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம், யூரோ வட்டி ஒப்பந்தங்களில் கூட்டுச் சேர்ந்து செயல்பட்டதற்காகப் பெரிய வங்கிகள் சிலவற்றுக்கு அபராதம் விதித்தது. தீர்வு நாளில் அளவுகோல் கடுகளவு தள்ளியிருந்தாலும், எதிரே இருந்த நிறுவனத்துக்கு அது தெரியவே வாய்ப்பில்லை. மிகக் கோபம் தர வேண்டிய விஷயம் இது என்று நினைக்கிறேன். சூத்திரத்தைச் சரிபார்த்துக் கண்டுபிடிக்க முடியாத திருட்டு.

அந்த ஊழலின் தொடர்ச்சியாக லைபாரே போய்விட்டது. பவுண்டுக்கு 2021 முடிவோடும் டாலருக்கு 2023 ஜூன் முடிவோடும், வங்கிகள் எண் கொடுத்து உருவாக்கும் லைபார் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் வந்தவை டாலரில் சோஃபர், பவுண்டில் சோனியா. இவை உண்மையில் நடந்த ஒரு நாள் கடன்களிலிருந்து எடுக்கப்படும் வட்டிகள். யாரும் வாயால் சொல்லி மாற்ற முடியாது. ஆனால் இவற்றில் மூன்று மாத வட்டி என்பது, ஒவ்வொரு நாளின் வட்டியையும் கூட்டிக்கொண்டே போய் மூன்றாவது மாத முடிவில்தான் தெரியும். தொடக்க நாளில் அளவுகோல் தெரியாவிட்டால் தொடக்க நாளில் தீர்க்க முடியாது. எஃப்ஆர்ஏ-யின் உயிரே அந்தத் தொடக்க நாள் தீர்வுதான் என்பதால் டாலரிலும் பவுண்டிலும் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. அதே வேலையை இப்போது ஒற்றைக் கால வட்டி ஸ்வாப் செய்கிறது: முடிவு நாளில் வித்தியாசம் முழுவதும் கைமாறும், வகுத்தல் இல்லை.

ரூபாயிலும் கதை ஏறக்குறைய அதுதான். ரிசர்வ் வங்கி எஃப்ஆர்ஏ-வுக்கும் வட்டி ஸ்வாப்புக்கும் 1999 ஜூலையிலேயே அனுமதி கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மும்பையில் தேசியப் பங்குச் சந்தை, மைபார் என்ற அளவுகோலை வெளியிடத் தொடங்கியிருந்தது. சந்தை வேரூன்றியது ஒரு நாள் மைபாரில். ஆகவே பெருவாரியான ரூபாய் வியாபாரம் காலத்தின் முடிவில் தீரும் ஸ்வாப்புகளுக்கே போனது. மூன்று மாத அளவுகோலை வைத்துத் தொடக்கத்தில் தீரும் எஃப்ஆர்ஏ இங்கே ஆழமாகக் காலூன்றவில்லை. யூரோவில் ஏற்றுமதிக் கடன் எடுக்கும் திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களின் பத்திரத்தில் மட்டும் யூரிபார் என்ற சொல்லைப் பார்க்கலாம்.

யூரிபார் இன்னும் இருக்கிறது. 2019-இல் அதைக் கணக்கிடும் முறை மாற்றப்பட்டு, முடிந்தவரை உண்மையான வியாபாரத்தை அடிப்படையாகக் கொண்டது. மூன்று மாத எண் இன்றும் காலத்தின் தொடக்கத்திலேயே தெரிகிறது. அதனால் யூரோவில் ஆறுக்கு ஒன்பது என்ற விலையும், தொடக்க நாளில் வகுத்துக் கொடுக்கும் வழக்கமும் தொடர்கின்றன. அங்கே கடன் எடுப்பவர் எஃப்ஆர்ஏ-யில் கையெழுத்திடும் முன், கடன் பத்திரத்தையும் பக்கத்தில் விரித்து, பூஜ்யத் தளம் இரண்டிலும் இருக்கிறதா அல்லது இரண்டிலும் இல்லையா என்று பார்த்துவிட வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால், அந்தத் தளத்தைக் கடனிலிருந்து எடுக்கச் சொல்லலாம், அல்லது எஃப்ஆர்ஏ-யோடு அதே தளத்தைத் தனியாக விலை கொடுத்து வாங்கிச் சேர்க்கலாம். இரண்டாவதற்குப் பணம் கேட்பார்கள். வட்டி 2 சதவீதத்துக்கு மேல் நிற்கும் நாளில் அந்த விலை சொற்பமாக இருக்கும். பூஜ்யத்தை நெருங்கும்போதுதான் ஏறும்.